தாமதமாக எழுதும் பதிவில் எந்த நேரத்தைப் போடுவது?

"சுங்கை சிப்புட்டில் தாதியர் மாணவர்களுக்குக் கணினிப் பதிவு சொல்லித்தருகிறேன். சம்பவம் நடந்து வெகுநேரம் கழித்து எழுதும் குறிப்பை எப்படி எழுதச் சொல்வது?"

நான் ஒரே ஒரு சம்பவத்தை வைத்துதான் நடத்துவேன். தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டி ஒருவர் விடிகாலை 2.10க்குக் கட்டிலருகே தரையில் உட்கார்ந்திருக்கிறார். தாதி 4.30க்குத்தான் கணினிக்கு வருகிறார். மாணவர்கள் பலர் பதிவு நேரத்தையே 2.10 என்று போட்டு, "தவறி விழுந்தார்" என எழுதுவார்கள். இரண்டுமே தவறு. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை. எழுதிய நேரத்தைக் கணினி தானாகவே குறித்துக்கொள்ளும். வழக்கு வந்தால் அந்த முரண் மற்ற குறிப்புகளையும் சந்தேகப்பட வைக்கும்.

நான் எழுதச் சொல்வது இப்படி: "தாமதப் பதிவு, எழுதியது 04:30. 02:10க்கு நோயாளி கட்டிலின் வலப்புறம் தரையில் உட்கார்ந்திருக்கக் கண்டேன். 'கழிவறைக்கு எழுந்தேன், கால் வழுக்கிடுச்சு' என்றார். நெற்றியில் 2 செ.மீ. வீக்கம். இரத்த அழுத்தம் 138/84. 02:15க்கு மருத்துவரை அழைத்தேன். 02:35க்கு வந்து பார்த்தார்."

சரி, வலப்புறம் இல்லை, இடப்புறம் என்று அப்புறம் தெரிந்தால்? பழைய வரியை அழிக்கவே கூடாது. அது அப்படியே இருக்க, தன் சொந்தக் கணக்கில் நுழைந்து, எதை, ஏன் திருத்துகிறோம் என்று திருத்தக் குறிப்பு சேர்க்க வேண்டும்.