கூறு மீனில் குறையும் விலை, கிலோ தக்காளியில் குறையாதது ஏன்?

கேள்வி: "கோயம்புத்தூரிலிருந்து வேலை மாற்றலாகி மார்த்தாண்டம் பக்கம் வந்திருக்கிறேன். சாயங்காலச் சந்தையில் மீன், காய், துணி எல்லாம் சொன்ன விலைக்கே வாங்கி வருகிறேன். பக்கத்து வீட்டு அக்கா அதே மீனைக் குறைத்து வாங்குகிறார். பேரம் பேச எனக்குக் கூச்சம், எங்கே பேசலாம் எங்கே பேசக் கூடாது என்றும் தெரியவில்லை. எந்த விலை இறங்கும் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?"

விலை இறங்குமா என்பதை விற்கிறவர் முகத்தில் தேடாதீர்கள். அவர் எதை வைத்து அளந்து கொடுக்கிறார் என்று பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். தராசில் நிறுத்துக் கிலோ விலைக்குக் கொடுக்கும் தக்காளி, வெங்காயம், மரச்சீனிக் கிழங்கு இதிலெல்லாம் வரிசையாகப் பத்துக் கடையிலும் கிட்டத்தட்ட ஒரே விலைதான் இருக்கும், ஏனென்றால் எல்லாரும் அன்று காலையில் ஒரே மொத்தச் சந்தையில் எடுத்தவர்கள், கிலோவுக்கு நிற்கும் லாபமும் சொற்பம். அங்கே ஐந்து ரூபாய்க்கு மல்லுக்கு நின்றால் அந்த ஐந்து ரூபாய் எடையில் போய்விடும், அல்லது அடியில் கிடக்கும் நசுங்கிய தக்காளி உங்கள் பைக்குள் வந்துவிடும். விலையை விட்டுவிட்டு, கறிவேப்பிலை, கொத்தமல்லி என்று கொசுறு கேளுங்கள், மறுக்க மாட்டார்கள். விலை நியாயமா என்று சந்தேகம் வந்தால் நாகர்கோவில் வடசேரி உழவர் சந்தைப் பலகையை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள். அங்கே அன்றன்றைக்கு விலை எழுதிப் போடுவார்கள், பேரமே கிடையாது. வெளியே கேட்கும் விலை அதைவிடக் கொஞ்சம் கூட இருந்தால் சரி, ரொம்பக் கூட இருந்தால் அடுத்த கடைக்கு நகருங்கள்.

கண்ணால் அளந்து கொடுப்பது வேறு கதை. கூறு போட்ட மீன், முழம் போட்ட பூ, குவித்து வைத்த மாங்காய் எதிலுமே எடை இல்லை, அதனால் இரண்டு கடை விலையை நேராக ஒப்பிட முடியாது. அந்த மங்கலான இடத்தில்தான் பேரத்துக்கு இடம் வைத்தே விலை சொல்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டு அக்கா குறைத்து வாங்குவது அநேகமாக இந்த வகையில்தான் இருக்கும்.

அயிலைக் கூறு ஒன்றை எடுத்துக்கொள்வோம். (எண்கள் கணக்குக்குத்தான், நாளைக்குச் சந்தை விலை வேறாக இருக்கும்.) மீன்கார அக்கா ஆறு அயிலையை ஒரு கூறாக வைத்து 200 ரூபாய் என்கிறார். உடனே பாதி விலை கேட்கத் தோன்றும், கேட்காதீர்கள். நடுத்தர அயிலை கிலோவுக்கு எட்டு நிற்கும் என்று வைத்துக்கொண்டால் ஆறு மீன் முக்கால் கிலோ. இதே அளவு அயிலையை நாலு கடை தள்ளித் தராசில் கிலோ 240 என்று விற்கிறார்கள் என்றால் முக்கால் கிலோவுக்கு 180 ரூபாய். ஆக, 200-இல் இருபது ரூபாய்தான் காற்று. அவர் 180-க்கு வந்தால் நஷ்டம் இல்லை, 170 என்றால் உங்களுக்கு லாபம், 100 கேட்டால் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த ஆளைப் பார்ப்பார். அதில் தப்பும் இல்லை.

அதனால் 150 கேளுங்கள், "அக்கா, 150-க்குத் தருவீங்களா" என்று சாதாரணமாக. "வராது மக்கா, 190 வச்சுத் தாங்க" என்பார். நீங்கள் 160. அவர் 185. நீங்கள் 170. அவர் 183, அல்லது வாயைத் திறக்காமல் கூறை ஒதுக்கி வைப்பார். இங்கே கவனிக்க வேண்டியது அவர் எவ்வளவு இறங்கினார் என்பது இல்லை, ஒவ்வொரு தடவையும் எவ்வளவு எவ்வளவாக இறங்கினார் என்பதுதான். பத்து, ஐந்து, இரண்டு என்று படி சின்னதாகிக்கொண்டே போனால் அடிமட்டம் பக்கத்தில் வந்துவிட்டது. பத்து, பத்து, இருபது என்று படி குறையாமல் இறங்கினால் இன்னும் இடம் இருக்கிறது, அவசரப்பட வேண்டாம். படி சின்னதானபோது விலையை விட்டுவிட்டுப் பொருளுக்கு மாறுங்கள்: "சரி 180, ஒரு மீன் சேர்த்துப் போடுங்க." ரூபாயை விடுவதைவிட ஒரு மீனை விடுவது அவருக்குச் சுலபம், சாயங்காலத்துக்குள் விற்றுத் தீர வேண்டிய சரக்கு அது. ஏழு மீன் 180 ரூபாய் என்றால் கிலோவுக்கு ஏறக்குறைய 206, தராசுக் கடையைவிடக் குறைவு. மீன் சேர்க்க மனம் இல்லையென்றால் வெட்டிச் சுத்தம் செய்து தரச் சொல்லுங்கள். ஆனால் விலை முடியும் முன்பே கேட்க வேண்டும், பணம் கைமாறின பிறகு கேட்டால் வெட்டுக்கூலி தனி.

கூறுக்குள் கையை விட்டுப் பாருங்கள், அதில் கூச்சம் வேண்டாம். மேலே நாலு பெரிய மீன், அடியில் இரண்டு குஞ்சு என்பது வழக்கமான அடுக்கு. செவிளைத் தூக்கினால் சிவப்பாக இருக்க வேண்டும், கண் குழி விழாமல் தெளிவாக இருக்க வேண்டும். சாளையாக இருந்தால் வயிற்றைப் பாருங்கள், வயிறு வெடித்த சாளை நேரம் கடந்தது. பழைய மீனின் விலை நிறையவே இறங்கும், ஆனால் அந்த இறக்கத்தில் உங்களுக்கு லாபம் இல்லை. கேட்காமலேயே விலையைச் சட்டென்று பாதியாக்கினால் முதலில் மூக்குக்கு வேலை கொடுங்கள்.

நேரமும் விலையை அசைக்கும். கேரள வியாபாரிகள் வண்டியோடு வந்து மொத்தமாக எடுக்கும் வேளையில் களியக்காவிளை பக்கம் யாரும் உங்களுக்காக விலையைக் குறைக்க மாட்டார்கள், சில்லறை ஆள் நின்று பேசுவதே அவர்களுக்குத் தொந்தரவு. வண்டி கிளம்பிய பிறகு அதே ஆள் உங்களைக் கூப்பிட்டு விலை சொல்வார். ஓணத்துக்கு முந்தின வாரம் ஏத்தன் பழத்துக்கும் தோவாளைப் பூவுக்கும் பேரம் பேசிப் பார்க்காதீர்கள், எல்லை தாண்டி வாங்க ஆள் நிற்கும்போது உங்களுக்கு ஏன் குறைக்க வேண்டும்? மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த இரண்டு மாதமும் நாட்டுப்படகு, வள்ளம் கொண்டு வருவதுதான் வரத்து, விலை விறைப்பாகவே இருக்கும். அப்போது குறையவில்லை என்றால் உங்கள் பேச்சில் குறை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். மாறாக மழை தூறி ஆள் கூட்டம் குறைந்த மாலை, கடையைக் கட்டப்போகும் நேரம், கூடையில் கடைசி இரண்டு கூறு, இவை இறங்கும் சமயம். கடைசி இரண்டையும் சேர்த்து விலை கேளுங்கள், தனித்தனியாகக் கேட்பதைவிடக் கிடைக்கும். கருவாட்டுக்கு இந்தக் கணக்கு உதவாது. அது நாளைக்கும் விற்கும், அதனால் நேரத்துக்கு அசையாது, அளவு கூட வாங்கினால்தான் அசையும்.

காலையில் போணி நேரத்தில் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முதல் வியாபாரம் கைவிட்டுப் போகக் கூடாது என்று விற்கிறவர் கொஞ்சம் இறங்கித்தான் வருவார். ஆனால் அரைமணி நேரம் பேசிவிட்டு வாங்காமல் போனால் அது அவருக்கு மனக்கசப்பு, அடுத்த வாரம் உங்கள் முகத்தை ஞாபகம் வைத்திருப்பார். வாங்கும் எண்ணம் இல்லாத நேரத்தில் போணி சமயத்தில் விலையே கேட்காதீர்கள்.

துணிக்கு வந்தால் கதை நேர் எதிர். நடைபாதை நைட்டிக்கும் லுங்கிக்கும் அடக்க விலை நமக்குத் தெரியாது, தராசும் துணைக்கு வராது. எனக்குப் பிடித்த வழி, வாங்குவதற்கு முன்னால் பத்து நிமிஷம் சும்மா நிற்பது. உள்ளூர்க்காரர் ஒருவர் பேரம் பேசி முடிக்கும் விலையைக் காதில் வாங்கிக்கொண்டால் அதைவிடப் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. "எது எடுத்தாலும் 150" என்று அட்டை மாட்டியிருந்தால் ஒன்றுக்குக் குறையாது, மூன்று எடுத்தால் குறையலாம். அட்டை இல்லாமல், விலை கேட்டதும் உங்களை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்துவிட்டு 350 என்றால் அந்த விலை உங்களுக்காகத் தைத்தது. "நீங்க எவ்வளவு தருவீங்க, சொல்லுங்க" என்றாலும் இறங்கத் தயார் என்றுதான் அர்த்தம். கூலிக்கு நிற்கும் பையனிடம் அதிகம் பேசிப் பயனில்லை. அவன் முதலாளி நிற்கும் பக்கம் திரும்பிப் பார்த்தால், கேட்க வேண்டிய ஆள் அங்கேதான் இருக்கிறார்.

"லாஸ்ட் எவ்வளவு?" என்று எடுத்த எடுப்பில் கேட்கிறார்களே, அதை விட்டுவிடுங்கள். முதல் நிமிஷத்தில் யாரும் உண்மையான கடைசி விலையைச் சொல்ல மாட்டார்கள், சொன்ன பொய்யிலிருந்து இறங்கவும் அவர்களுக்குக் கூச்சமாகிவிடும். நீங்களே ஒரு எண் சொல்லுங்கள். சொன்ன எண்ணுக்கு அவர் சரி என்றுவிட்டால் வாங்கித்தான் ஆக வேண்டும், அதன்பிறகு "இன்னொரு கடை பார்க்கிறேன்" என்பது சந்தையில் மரியாதை இல்லாத காரியம்.

நடந்து போய்விடுவது நல்ல ஆயுதம்தான், ஆனால் உண்மையிலேயே போக வேண்டும். நாலைந்து அடி போவதற்குள் கூப்பிட்டால் இடம் இருந்தது, யாரும் கூப்பிடவில்லை என்றால் அவர் கடைசியாகச் சொன்னது நிஜமான விலை. வேறு கடையில் இதைவிடக் குறையவில்லை என்றால் திரும்பிப் போய் அந்த விலைக்கே வாங்குங்கள். அதில் தோல்வி எதுவும் இல்லை, சேச்சிகளும் அண்ணாச்சிகளும் தினமும் பார்க்கிற காட்சி அது. போகும்போது பத்து, இருபது ரூபாய்த் தாள்கள் கையில் இருக்கட்டும், 180-க்கு முடித்துவிட்டு 500 ரூபாய் நீட்டினால் சில்லறை இல்லை என்று 200-க்கே கணக்கு முடிந்துவிடும்.