புதிய போனில் கூகுள் கணக்கு: சரிபார்ப்பு தோல்வி

“கடவுச்சொல் சரியாகவே இருக்கிறது, ஆனால் புதிய போனில் ‘சரிபார்க்க முடியவில்லை’ என்று கூகுள் தடுக்கிறது. பழைய போன் திரை உடைந்து வெள்ளவத்தை வீட்டில் கிடக்கிறது. அலுவலகத்திலிருந்து முயல்கிறேன்.”

புதிய போனில் முயல்வதை இப்போதே நிறுத்திவிட்டு, மாலையில் வீட்டு வைஃபையில், முன்பு இக்கணக்கில் நுழைந்த மடிக்கணினியின் அதே உலாவியில் g.co/recover பக்கத்தைத் திறவுங்கள்.

கடவுச்சொல்லோடு கருவி, இடம், இணைய இணைப்பு ஆகியவற்றையும் கூகுள் பார்க்கிறது. உங்களுக்குக் கருவியும் இடமும் ஒரே நேரத்தில் மாறியதே பெரும்பாலும் காரணம். திரும்பத் திரும்ப முயன்றால் தற்காலிகத் தடையும் விழும்.

மாலையில் முயல்வதற்கு முன், கூகுள் அனுப்பும் சரிபார்ப்புக் குறியீடு எந்த எண்ணுக்கு வருகிறது என்று பாருங்கள். திரையில் அதன் கடைசி இலக்கங்கள் தெரியும். அது பழைய சிம் என்றால் புதிய போனில் போட்டுக்கொள்ளுங்கள். சிம் தொலைந்திருந்தால், அது உங்கள் பெயரில் பதிவாகியிருக்கும் பட்சத்தில், தேசிய அடையாள அட்டையுடன் சேவை நிறுவனக் கிளைக்குச் சென்று அதே எண்ணில் மாற்றுச் சிம் பெறலாம். இருபடிச் சரிபார்ப்பை இயக்கியபோது எடுத்து வைத்த எட்டு இலக்கக் காப்புக் குறியீடுகள் இருந்தால் அவையும் உதவும்.

பழைய போனில் உள்ளவற்றை மட்டும் அழித்துவிடாதீர்கள். அதில் கணக்கு இன்னும் திறந்தே இருப்பதால், திரையை மாற்றினால், நுழைவது நீங்கள்தானா என்று கூகுள் கேட்கும் அனுமதிக் கேள்வி அதிலேயே வரக்கூடும். பழுதுபார்ப்பவர் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

பணம் வாங்கிக்கொண்டு கணக்கை மீட்டுத் தருவதாக வட்சப்பில் வருபவர்களுக்குக் குறியீட்டைச் சொல்லவே வேண்டாம்.