சிற்றிதழுக்குக் கவிதை அனுப்புவது எப்படி? எந்தக் கவிதைகளைத் தேர்ந்தெடுப்பது?

"முப்பது கவிதைகள் போல எழுதி வைத்திருக்கிறேன். சிற்றிதழ்களுக்கு அனுப்ப ஆசை. எதை அனுப்புவது, கூட என்ன எழுதி அனுப்புவது என்று தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்."

ஒரு சிற்றிதழுக்கு வரும் கவிதைகளைச் சில காலம் முதல் வாசிப்பு வாசித்துக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முப்பதில் ஐந்தை எடுப்பதுதான் இதில் உண்மையான வேலை. கடிதம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும்.

பலரும் செய்வது இதுதான்: காதல் ஒன்று, அம்மா ஒன்று, அரசியல் ஒன்று, மழை ஒன்று, தத்துவம் ஒன்று. எல்லாம் எழுத வரும் என்று காட்டுகிறார்களாம். வாசிப்பவருக்கோ ஐந்து வெவ்வேறு ஆட்கள் எழுதியது போலத் தெரியும், ஒரு முகமும் மனதில் நிற்காது. சி.சு. செல்லப்பா 1959இல் ‘எழுத்து’ இதழைத் தொடங்கிய காலத்திலிருந்தே சிற்றிதழ் என்பது பெரும்பாலும் ஓரிருவரின் ரசனையில் ஓடுகிற வண்டி. அந்த ஓரிருவருக்கு உங்கள் குரல் பிடிபட வேண்டும்.

சமீபத்தில் ஒரு தம்பி தன் கவிதைகளைக் கொண்டுவந்து காட்டினார். ரேஷன் கடையில் பில் போடுகிறவர். அந்தக் கட்டுக்குள் காதல் கவிதைகள்தான் அதிகம், எல்லாமே எங்கேயோ படித்தது போல இருந்தன. ஆனால் கடையைப் பற்றி ஆறேழு இருந்தன. எடைத் தராசு, கிழிந்த சாக்கு, பருப்பு வராத மாதம். "இதெல்லாம் சும்மா எழுதினதுண்ணே" என்றார். அனுப்ப வேண்டியதே அவைதான் என்றேன். வேறு யாரும் அந்த இடத்தில் உட்கார்ந்து பார்த்து எழுதவில்லையே. அதில் ஒன்று:

ரேகை தேய்ந்த விரலைச்
சேலையில் துடைத்து
மறுபடி வைக்கிறாள் கிழவி
மறுபடியும்
சிவப்பு விளக்கு
வரிசையில் நிற்பவர்கள்
அவள் விரலையே பார்க்கிறார்கள்
உழைப்பின் வரலாற்றை
இயந்திரம் அறியுமோ?

கடைசி இரண்டு வரிகளை விரலால் மறைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். "பார்க்கிறார்கள்" என்பதோடு கவிதை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வருவது கவிஞர் எழுந்து நின்று கொடுக்கும் விளக்கவுரை. புதிதாக அனுப்புகிறவர்களின் கவிதைகளில் நான் அதிகம் பார்த்த குறை இந்த வால்தான். ஒவ்வொரு கவிதையிலும் கடைசி வரியை மறைத்துப் பாருங்கள். எதுவும் குறையவில்லை என்றால் வெட்டிவிடுங்கள். தம்பி ஒரு வாரம் மனசில்லாமல் இருந்துவிட்டுத்தான் வெட்டினார்.

பிறகு கடைக் கவிதைகளில் நான்கை எடுத்தோம். ஒதுக்கியவற்றில் ஒன்று மோசமில்லை. ஆனால் அதுவும் ஒரு கிழவி வெறும் பையோடு திரும்புவதில் முடிகிறது, ரேகைக் கவிதையின் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். தனித்தனியாகப் படிக்கும்போது இது தெரியாது. ஐந்தையும் அச்செடுத்து, ஒரே மூச்சில் சத்தமாக வாசித்தால்தான் ஒரே சொல், ஒரே மாதிரி முடிவு திரும்பத் திரும்ப வருவது காதில் விழும். ஐந்தாவதாகக் கடைக்குச் சம்பந்தமே இல்லாத, அவர் ஊர்க் கண்மாய் பற்றிய ஒன்றைச் சேர்த்தோம். இவருக்குக் கடை மட்டும்தான் தெரியும் என்று ஆகிவிடக் கூடாதே. ரேகைக் கவிதை முதலில். இருப்பதில் வலுவானது எப்போதும் முதலில் வர வேண்டும். கடைசிக்கு என்று ஒளித்து வைக்காதீர்கள், வாசிப்பவர் அதுவரை வராமலே போகலாம்.

அவருக்கு ஆகப் பிடித்த கவிதை வெளியே போனது. காரணம், அதை முகநூலில் போட்டு நிறைய லைக் வாங்கியிருந்தார். பல இதழ்கள் முகநூல், வலைப்பூவில் வந்ததையும் பிரசுரமானதாகவே எடுத்துக்கொள்கின்றன. அனுப்பிய பிறகு பதில் வரும்வரை அந்த ஐந்தையும் ஸ்டேட்டஸில்கூடப் போடாமல் இருக்க வேண்டும்.

அனுப்பும் முன் அந்த இதழின் கடைசி மூன்று நான்கு பிரதிகளைப் புரட்டுங்கள். காலச்சுவடு, உயிர்மை, கணையாழி எதுவானாலும் சரி, அதில் வருவது போல எழுதுவதற்காக அல்ல. ஒரு பக்கத்தில் எத்தனை வரி போடுகிறார்கள், பத்தி எவ்வளவு அகலம் என்று பார்க்கத்தான். உங்கள் வரி நீளமாக இருந்தால் குறுகிய பத்தியில் மடங்கி விழும், நீங்கள் பார்த்துப் பார்த்து உடைத்த வரி வேறு இடத்தில் உடையும்.

கோப்பு விஷயம் சுருக்கமாக. யூனிகோடில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பு, ஒரே கோப்பில் ஐந்தும், ஒவ்வொன்றும் புதுப் பக்கத்தில், இடது ஓரம் ஒட்டி. நடுவில் வைத்து அலங்கரிக்க வேண்டாம். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறி வரும், அதனால் வேர்டு கோப்பு இல்லாமல் பிடிஎஃப்பை மட்டும் அனுப்பாதீர்கள். கையெழுத்தைப் படமெடுத்து அனுப்பினால் யாரோ உட்கார்ந்து தட்டச்சு செய்ய வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அது இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று தெரியும். உங்கள் கோப்பை வேறொருவர் போனுக்கு அனுப்பித் திறக்கச் சொல்லுங்கள், அங்கே சரியாக வந்தால் போதும். ஒற்றுப்பிழையையும் ர, ற குழப்பத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனி கடிதம். தம்பி முதலில் எழுதியது இப்படித் தொடங்கியது: "தமிழுக்குத் தொண்டாற்றிவரும் தங்கள் மேலான இதழில் என் கன்னி முயற்சியைப் பிரசுரித்து ஊக்குவிக்குமாறு…" கீழே ஒவ்வொரு கவிதைக்கும் பொழிப்புரை. கல்லூரிக் கவிதைப் போட்டியில் வாங்கிய சான்றிதழ் வேறு. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இவ்வளவுதான் வைத்தோம்:

"ஆசிரியருக்கு வணக்கம். ஐந்து கவிதைகளை இணைத்துள்ளேன்: ரேகை, எடைக்கல், சாக்கு, துவரம்பருப்பு, கண்மாய். இவை அச்சிலோ இணையத்திலோ முகநூலிலோ வெளிவராதவை. இப்போது வேறு எந்த இதழின் பரிசீலனையிலும் இல்லை. ரேஷன் கடையில் பில் எழுத்தராக வேலை பார்க்கிறேன். அஞ்சல் முகவரியும் கைபேசி எண்ணும் கீழே."

தலைப்பு வரியில் "கவிதைகள்" என்று போட்டுப் பக்கத்தில் பெயர். வேலையைச் சொன்னது பரிதாபத்துக்காக அல்ல, கவிதைகள் அங்கிருந்து வருவதால். கவிதைக்குச் சம்பந்தமில்லாத வேலை என்றால் ஊர்ப் பெயர் போதும். புனைபெயர் வைப்பதாக இருந்தால் எந்தப் பெயரில் அச்சாக வேண்டும் என்பதை இங்கேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அஞ்சல் குறியீட்டெண்ணோடு முகவரி கொடுத்தால் இதழ்ப் பிரதி அனுப்ப அவர்களுக்கு வசதி.

பதில்? நிராகரிப்புக் கடிதத்தை எதிர்பார்க்காதீர்கள். நம் இதழ்கள் பலவற்றில் மௌனம்தான் பதில். அதற்காக ஒரே கவிதையை ஒரே நேரத்தில் இரண்டு இடத்துக்கு அனுப்பவும் கூடாது. இது சின்ன உலகம், ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், ஒரே மாதம் இரண்டு இதழிலும் வந்துவிட்டால் இரண்டு கதவும் சாத்திக்கொள்ளும். மூன்று மாதம் பொறுங்கள். பிறகு "இக்கவிதைகளைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இதழுக்கு அனுப்பலாம்.

தம்பியின் ஐந்தில் இரண்டை எடுத்தார்கள், ரேகையும் கண்மாயும். மீதி மூன்று என்ன ஆகும் என்று கேட்டார். பின்னால் போடலாம் என்று அவற்றையும் கையில் வைத்திருப்பார்களோ என்பது அவர் சந்தேகம், நியாயமானதுதான். மீதியை வேறு இதழுக்கு அனுப்பலாமா என்று நன்றி சொல்லும் மின்னஞ்சலிலேயே கேட்டுவிடச் சொன்னேன். மறுநாளே "அனுப்பலாம்" என்று பதில் வந்தது.