பத்திரிகை விவரத்தில் எது விடுபட்டால் நிறுத்த வேண்டும்?

“திருமங்கலம் ஆர்டர், 500 பத்திரிகை. ‘28.8.2025 வெள்ளி, 6 - 7.30 முகூர்த்தம்’ என்று மட்டும் அனுப்பிவிட்டு போனை எடுக்கவில்லை. காலையா என்றும் இல்லை, எழுத்துருவும் சொல்லவில்லை. வேலையை ஆரம்பிக்கலாமா?”

வடிவமைப்பை இன்றே தொடங்கலாம். அச்சுக்கு மட்டும் அனுப்ப வேண்டாம். எழுத்துருவை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். புரூஃபைப் பார்த்ததும் பிடிக்கவில்லையென்றால் அவரே சொல்லிவிடுவார், மாற்றப் பத்து நிமிடம் ஆகாது. நம் பக்கத்தில் முகூர்த்தம் பெரும்பாலும் காலையில்தான் என்பதால் ‘காலை’ என்று போட்டு, அந்தச் சொல்லை மட்டும் புரூஃபில் வட்டமிட்டு அனுப்பினால் போதும்.

நிறுத்த வேண்டியது நீங்கள் கேட்காத இடத்தில் இருக்கிறது. 28.8.2025 வியாழக்கிழமை, வெள்ளி என்றால் 29, அதாவது ஆவணி 13. வியாழனன்று காலை 6 முதல் 7.30 வரை எமகண்டம் என்பதால் 29 ஆகத்தான் இருக்கும் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் அந்த ஊகத்தை நம்பி அச்சடிக்கக் கூடாது. எழுத்துரு தவறினால் புரூஃபில் கண்ணில் படும். தேதியோ, கிழமையோடு ஒத்துப்போகும்படி நீங்களே திருத்திவிட்டால், பார்ப்பவருக்குச் சரியாகவே தெரியும், பத்திரிகை ஊரெல்லாம் போன பிறகுதான் தவறு வெளிப்படும். அவர் எடுக்காவிட்டால் பெண் வீட்டாரிடமோ மண்டபத்திலோ பதிவான தேதியைக் கேளுங்கள்.