சிகரெட் வரியும் கடத்தலும்: கனடா காட்டிய கணக்கு

கேள்வி: வரியைக் கூட்டினால் கடத்தல் பெருகி, அரசின் வருமானம் குறைகிறது என்கிறார்கள். அப்படியானால் சிகரெட் வரியைக் குறைப்பதுதானே சரி?

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு பெட்டி 80 ரூபாய், அதில் வரி 40. நூறு பெட்டி விற்கிறது. வரியை 60 ஆக்கினால் விலை 100. தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை 1 சதவீதம் ஏறினால் நுகர்வு எத்தனை சதவீதம் குறையும் என்ற அளவு, 0.4 என்றால், 25 சதவீத விலை உயர்வுக்குப் புகைப்பது 10 சதவீதம் குறைய வேண்டும்.

இப்போது சந்தையில் மூன்றில் ஒரு பங்கு கடத்தல் சரக்கு, அது 60 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வையுங்கள். சராசரி விலை 87தான். உண்மையான உயர்வு 8 சதவீதம், நுகர்வு குறைவதோ 3 சதவீதம். ஏறக்குறைய 97 பெட்டி புகைக்கப்படுகிறது. அரசின் ஏட்டில் ஏறுவது 64 மட்டுமே. வருமானம் 4,000இலிருந்து 3,840க்கு இறங்குகிறது. ஏட்டை மட்டும் பார்ப்பவர், மக்கள் புகைப்பதை 36 சதவீதம் குறைத்துவிட்டதாக நினைப்பார். விற்பனைப் புள்ளிவிவரத்தை வைத்து நெகிழ்ச்சியைக் கணக்கிடும் மாணவர்கள் அடிக்கடி வழுக்குவது இங்கேதான்.

இதற்கு மருந்து வரிக்குறைப்பு என்று கனடா ஒருமுறை நம்பியது. 1990களின் தொடக்கத்தில் அங்கே வரி வெகுவாக உயர்ந்தது. ஏற்றுமதிக்கு வரி இல்லை. கனடாவிலேயே தயாரான சிகரெட் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகி, ஒன்டாரியோ, கியூபெக், நியூயார்க் மூன்றும் சந்திக்கும் அக்வசாஸ்னி வழியாக செயின்ட் லாரன்ஸ் ஆற்றைப் படகில் கடந்து திரும்பி வந்தது. மூன்றில் ஒரு பங்கு கடத்தல் சரக்கு என்று அப்போது மதிப்பிடப்பட்டது.

1992இல் ஏற்றுமதிக்கு வரி போட்டார்கள். ஊற்றுக்கண்ணை அடைக்கும் வழி அதுதான். தொழில்துறையின் நெருக்குதலில் சில வாரங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். அந்த முடிவை நான் மன்னிக்கவே மாட்டேன். 1994 பிப்ரவரியில் மத்திய அரசு 200 சிகரெட்டுக்கான வரியில் 5 டாலரைக் குறைத்தது. கிழக்கு மாகாணங்கள் சில தம் பங்குக்கும் குறைத்தன. கடத்தல் அடங்கியது உண்மை. ஆனால் விலை சரிந்து, வருமானமும் குறைந்து, இளைஞர்கள் புகைப்பதும் கூடியது.

வரியைக் குறைக்காத மேற்கு மாகாணங்களைப் பாருங்கள். அப்போது அங்கே சிகரெட் விலை அதிகம், கடத்தலோ குறைவு. வரி வித்தியாசம் கடத்துபவனுக்கு ஆசையைத் தருகிறது, மறுக்கவில்லை. ஆனால் வரி கட்டாத சரக்கு அவன் கைக்கு எட்டும் வழியும், அதை விற்றுத்தரும் வலையும் இல்லாவிட்டால் ஆசை மட்டும் போதாது. 2008இல் இரண்டு பெரிய கனடிய நிறுவனங்கள் இந்த ஏற்றுமதி விவகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 100 கோடி டாலருக்கும் மேல் செலுத்தச் சம்மதித்தன. அதற்குள் 14 ஆண்டுகள் ஓடிவிட்டன.