10-ம் தேதி ஆகாதா?

"பிறந்த தேதி 26. கிரகப்பிரவேசத்துக்கு 10-6-2026 நல்ல தேதின்னு சொன்ன எண் கணித ஜோதிடரே இப்போ வேண்டாங்கிறார். ஏன்?"

கூட்டு எண்தான் காரணம். 26-க்குப் பிறவி எண் 8. எட்டுக்கு 1, 10, 19, 28 நல்லது. 8, 17, 26 விலக்கு. முதலில் 10-ஐ மட்டும் பார்த்திருப்பார். முழுத் தேதியையும் கூட்டினால் 1+0+6+2+0+2+6=17, அதாவது 8.

தேதியை 19-க்குத் தள்ளினாலும் ஜூனில் அதே 8தான் வரும், கூட்டிப் பாருங்கள். மாதத்தை மாற்றுங்கள். 19-8-2026-க்குக் கூட்டு 28, அதாவது 1. அதற்குள் ஆடியும் முடிந்திருக்கும்.

நீங்கள் பிறந்தது நள்ளிரவுக்குப் பின், விடியுமுன் என்றால் சிலர் 25 என்றே எடுப்பார்கள். அப்போது பிறவி எண் 7, கணக்கே வேறு. அவரிடம் நேரத்தைச் சொல்லிவிடுங்கள். திதி, நட்சத்திரத்தைப் பஞ்சாங்கத்தில் தனியாகப் பார்க்கணும்.