மாத்திரைக்குப் பின் குறைந்த நாட்டம்

"டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன். செர்ட்ராலின் 50 மி.கி.யிலிருந்து 100 ஆனபின் மனம் தேறியது. மனைவிமீதான நாட்டம் போய்விட்டது. டாக்டர் அம்மாவிடம் எப்படிச் சொல்வது?"

ஐயா, வணக்கம். செரோட்டோனினைக் கூட்டும் இவ்வகை மருந்துகள் மனச்சோர்வைத் தணிக்கும்போதே பாலுணர்வையும் மந்தமாக்குவதுண்டு. மனச்சோர்வே நாட்டத்தைக் குறைக்கக்கூடியது என்பதால், மருந்துக்கு முன்பும், 50 மி.கி.யிலும், 100 மி.கி.யிலும் எப்படி இருந்தது என்ற காலவரிசைதான் காரணத்தைப் பிரித்தறிய மருத்துவருக்கு உதவும். "அளவு கூடியபின் ஆசை குறைந்தது" என்பதோடு, விறைப்பிலோ உச்சத்திலோ மாற்றமிருந்தால் அதையும் ஒரு தாளில் எழுதி நீட்டுங்கள்; வாயால் சொல்லும் கூச்சம் மிச்சம், அவருக்கும் இது புதிய புகாரல்ல. அளவைக் குறைப்பதா, மிர்ட்டாசபின் போன்ற வேறொன்றுக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவுசெய்வார். நீங்களாகத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரலாம், மனச்சோர்வும் திரும்பலாம். நீரிழிவோ இரத்த அழுத்த மாத்திரையோ இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அவையும் இதே தொல்லையைத் தரவல்லவை.